அணிகளைக் கூட்டும் முன், பெருக்கும் முன்: வரிசையைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடுங்கள்

ஐந்தாம் படிவக் கணிதப் புத்தகத்தில் இரண்டாவது அத்தியாயமே அணிகள்தான். சுங்கை சிப்புட்டில் நான் மாலையில் நடத்தும் வகுப்புக்குச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குக் கூட்டலும் பெருக்கலும் நன்றாகவே தெரியும். ஆனாலும் இந்த அத்தியாயத்தில் தவறு விடுகிறார்கள். காரணம், பயிற்சித்தாளைக் கையில் வாங்கியதும் எண்களின் மேல் பேனா ஓடிவிடுகிறது. இந்த இரண்டு அணிகளையும் கூட்ட முடியுமா, பெருக்க முடியுமா, விடை எந்த வடிவில் வரும் என்று யாரும் முதலில் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு கணக்கும் போட வேண்டியதில்லை. அணிகளின் வரிசையைப் பார்த்தால் போதும்.

அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது ஒரே ஒரு பழக்கம். அதை ஒரு முழுப் பயிற்சித்தாளின் வழியாகக் காட்டுகிறேன். பள்ளியில் மலாயில் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: நிரை என்று நான் எழுதுவது நீங்கள் சொல்லும் பாரிஸ், நிரல் என்பது லாஜுர், வரிசை என்பது பெரிங்காட், உறுப்பு என்பது உன்சுர்.

வரிசையை எழுதுவது

எண்களைச் சதுரமாகவோ செவ்வகமாகவோ அடுக்கி அடைப்புக்குறிக்குள் வைத்தால் அது ஓர் அணி. குறுக்கே படுத்திருப்பது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். எத்தனை நிரை, எத்தனை நிரல் என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் வரிசை. எப்போதும் நிரையின் எண்ணிக்கை முதலில், நிரலின் எண்ணிக்கை பின்னால். இதைத் திருப்பிப் போட்டால் பின்னால் வரும் எல்லாமே பிழைத்துவிடும். அதனால் முதல் வாரம் விரலால் தொட்டு எண்ணச் சொல்வேன்: முதலில் மேலிருந்து கீழாக நிரைகளை, அடுத்து இடமிருந்து வலமாக நிரல்களை.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பயிற்சித்தாளில் நான்கு அணிகள் இருக்கின்றன.

```
A = [ 2   0  -1 ]        B = [  1   5 ]
    [ 3   1   4 ]            [ -2   0 ]
                             [  3   2 ]

C = [ 4  -1 ]            D = [ 5  -2   6 ]
    [ 2   3 ]                [ 0   1  -3 ]
```

கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வோர் அணிக்குக் கீழேயும் அதன் வரிசையைப் பென்சிலால் எழுதுங்கள். A-யில் இரண்டு நிரை, மூன்று நிரல். ஆகவே 2 × 3. B-யில் மூன்று நிரை, இரண்டு நிரல். ஆகவே 3 × 2. C என்பது 2 × 2. D என்பது 2 × 3. இனிமேல் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு குறிப்புகளைத்தான். அணிக்குள் இருக்கும் எண்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

கூட்டல்

தாளின் முதல் கேள்வி A + D. அதற்கு அடுத்தது A + B.

கூட்டலுக்கு உள்ள நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு அணிகளின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். கழித்தலுக்கும் இதேதான். A-யும் D-யும் 2 × 3. சரி, கூட்டலாம். விடையும் 2 × 3 ஆகவே வரும். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு எண்களை எடுத்துக் கூட்டி அதே இடத்தில் எழுத வேண்டும்.

```
A + D = [ 2+5   0+(-2)   -1+6  ]  =  [ 7  -2   5 ]
        [ 3+0   1+1      4+(-3)]     [ 3   2   1 ]
```

இப்போது A + B. A என்பது 2 × 3, B என்பது 3 × 2. வரிசை வேறு, ஆகவே கூட்ட முடியாது. இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள்: "டீச்சர், ரெண்டுலயும் ஆறு எண்தானே இருக்கு? ஏன் கூட்டக் கூடாது?"

நல்ல கேள்வி. எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது. அணியில் ஓர் எண் எந்த நிரையில், எந்த நிரலில் இருக்கிறது என்பதும் அந்த எண்ணோடு சேர்ந்தே வரும் செய்தி. A-யில் முதல் நிரை, மூன்றாம் நிரலில் -1 இருக்கிறது. B-யில் மூன்றாம் நிரலே இல்லை. அந்த -1-க்கு B-யில் கூட்டாளி யார்? யாரும் இல்லை. அதனால்தான் கூட்டல் நின்றுவிடுகிறது.

தாளில் இதற்கு வெறும் கோடு போட்டுவிட்டுப் போகாதீர்கள். "A-யின் வரிசை 2 × 3, B-யின் வரிசை 3 × 2, வரிசைகள் வேறு என்பதால் கூட்ட இயலாது" என்று ஒரே வரியில் எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால்தான், செய்யத் தெரியாமல் விட்டுவிட்டதற்கும் முடியாது என்று தெரிந்து எழுதியதற்கும் உள்ள வேறுபாடு திருத்துபவருக்குத் தெரியும்.

2A, -3D என்று ஓர் அணியை ஒற்றை எண்ணால் பெருக்கும் கேள்விகளுக்கு வரிசைச் சோதனையே வேண்டாம். எந்த அணியையும் எந்த எண்ணாலும் பெருக்கலாம், வரிசை மாறாது. இது அவ்வளவுதான்.

பெருக்கல்: உள்ளே இரண்டு எண், வெளியே இரண்டு எண்

அணியை அணியால் பெருக்குவது கூட்டலைப் போன்றதல்ல. ஒரே இடத்து எண்களைப் பெருக்கி எழுதுவதும் இல்லை. முதல் அணியின் ஒரு நிரையை எடுத்து, இரண்டாம் அணியின் ஒரு நிரலோடு சேர்த்துப் பெருக்கிக் கூட்ட வேண்டும். நிரையில் மூன்று எண்கள் இருந்தால் நிரலிலும் மூன்று எண்கள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஓர் எண் துணையில்லாமல் நின்றுவிடும். நிபந்தனை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

தாளில் செய்யும் முறை இது. AB என்ற கேள்வியை எழுதி, அதன் கீழே இரண்டு வரிசைகளையும் அதே ஒழுங்கில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

```
   A        B
 2 × 3    3 × 2
     └─உள்─┘
 └────வெளி────┘
```

நடுவில் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்: 3, 3. ஒன்றாக இருக்கின்றன, பெருக்கலாம். வெளியில் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்: 2, 2. விடையின் வரிசை 2 × 2. உள் எண்கள் "முடியுமா" என்பதைச் சொல்கின்றன, வெளி எண்கள் "எந்த அளவில்" என்பதைச் சொல்கின்றன.

அடுத்து வருவதைப் பலர் செய்வதில்லை. ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. ஒரு பெருக்கலையும் தொடங்காமல், விடைக்கான வெற்றுச் சட்டத்தை முதலில் வரையுங்கள். விடை 2 × 2 என்பதால் நான்கு வெற்றிடங்கள்.

```
AB = [ __   __ ]
     [ __   __ ]
```

இந்தச் சட்டம் உங்களுக்குச் செய்யும் உதவி பெரிது. நிரப்ப வேண்டியது நான்கு இடம்தான் என்று தெரிந்துவிட்டது. ஐந்தாவதாக ஓர் எண் வந்தால் எங்கோ தவறு. மூன்றோடு நின்றுவிட்டாலும் தவறு. ஒவ்வோர் இடமும் தன் கணக்கைத் தானே சொல்லும்: முதல் நிரை, இரண்டாம் நிரலில் உள்ள வெற்றிடத்துக்கு A-யின் முதல் நிரையும் B-யின் இரண்டாம் நிரலும் வேண்டும். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இடத்தை ஒவ்வொன்றாக நிரப்புவோம். தொடக்கத்தில் இடது கை விரலை A-யின் நிரையிலும் வலது கை விரலை B-யின் நிரலிலும் வைத்துக்கொள்ளுங்கள். இடது விரல் வலப்பக்கம் நகரும்போது வலது விரல் கீழே இறங்கும்.

முதல் நிரை, முதல் நிரல்: A-யிலிருந்து 2, 0, -1. B-யிலிருந்து 1, -2, 3.
2×1 + 0×(-2) + (-1)×3 = 2 + 0 - 3 = -1.

முதல் நிரை, இரண்டாம் நிரல்: 2, 0, -1 அப்படியே. B-யிலிருந்து 5, 0, 2.
2×5 + 0×0 + (-1)×2 = 10 + 0 - 2 = 8.

இரண்டாம் நிரை, முதல் நிரல்: 3, 1, 4. B-யிலிருந்து மீண்டும் 1, -2, 3.
3×1 + 1×(-2) + 4×3 = 3 - 2 + 12 = 13.

இரண்டாம் நிரை, இரண்டாம் நிரல்:
3×5 + 1×0 + 4×2 = 15 + 0 + 8 = 23.

```
AB = [ -1    8 ]
     [ 13   23 ]
```

0×(-2) போன்றதை எழுதாமல் தாண்டினால் என்ன என்று தோன்றும். கை பழகியபின் தாண்டலாம். தொடக்கத்தில் எழுதுங்கள். பூஜ்யத்தைத் தாண்டும்போது விரலும் ஓரிடம் தாண்டிவிடுகிறது, அப்புறம் -1 தன் துணையான 3-ஐ விட்டு -2-ஐப் பிடித்துக்கொள்கிறது. கழித்தல் குறி உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்வதும் இதே அக்கறையில்தான். 1 × -2 என்று அடைப்பில்லாமல் எழுதிவிட்டு அடுத்த வரியில் 1 - 2 என்று படித்துவிடுபவர்கள் அதிகம்.

உள் எண்கள் ஏன் ஒத்துப்போக வேண்டும்

இதை விதியாக மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் "உள்ளேயா, வெளியேயா?" என்று குழப்பம் வரும். ஒரு தடவை பொருளோடு பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

தைப்பூசத்துக்கு நம் பக்கத்தில் இரண்டு தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கோயில் வாசலில், ஒன்று தோட்டத்து நுழைவில். தேநீர் போட மூன்று பொருள் வேண்டும்: சீனி, தேயிலை, பால் டின். கோயில் பந்தலுக்குச் சீனி 10 கிலோ, தேயிலை 4 பொட்டலம், பால் 12 டின். தோட்டத்துப் பந்தலுக்கு 6, 3, 8. இது 2 × 3 அணி: நிரை என்றால் பந்தல், நிரல் என்றால் பொருள்.

விலை கேட்க இரண்டு கடை: டவுன் கடை, தோட்டத்துக் கடை. கணக்கு எளிதாக இருக்க முழு வெள்ளியாக எடுத்துக்கொள்கிறேன். சீனி டவுனில் 3 வெள்ளி, தோட்டத்தில் 4. தேயிலை 5, 6. பால் 4, 3. இது 3 × 2 அணி: நிரை என்றால் பொருள், நிரல் என்றால் கடை.

```
Q = [ 10   4   12 ]        P = [ 3   4 ]
    [  6   3    8 ]            [ 5   6 ]
                               [ 4   3 ]
```

QP-யின் வரிசைகள் 2 × 3, 3 × 2. உள்ளே இருக்கும் 3 எதைக் குறிக்கிறது? இரண்டு பக்கத்திலும் அதே மூன்று பொருளைத்தான். Q-வின் நிரல் சீனி, தேயிலை, பால். P-யின் நிரையும் சீனி, தேயிலை, பால். சீனியின் அளவைச் சீனியின் விலையால் பெருக்குகிறோம், தேயிலையைத் தேயிலையின் விலையால், பாலைப் பாலின் விலையால். பின் கூட்டினால் மொத்தச் செலவு. Q-வில் மூன்று பொருளும் P-யில் இரண்டு பொருளின் விலையும் மட்டும் இருந்தால், பாலை எந்த விலையால் பெருக்குவது? பெருக்க முடியாது. உள் எண்கள் வேறாக இருந்தால் பெருக்கல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வெளி எண்கள் 2, 2: பந்தலும் கடையும். ஆகவே விடையின் நிரை பந்தல், நிரல் கடை. பொருள் என்ற கணக்கு உள்ளேயே கூட்டப்பட்டு மறைந்துவிட்டது.

```
QP = [ 30+20+48   40+24+36 ]  =  [ 98   100 ]
     [ 18+15+32   24+18+24 ]     [ 65    66 ]
```

கோயில் பந்தலுக்கு டவுன் கடையில் வாங்கினால் 98 வெள்ளி, தோட்டத்துக் கடையில் 100. தோட்டத்துப் பந்தலுக்கு 65, 66.

இப்போது திருப்பிப் போடுங்கள்: PQ. வரிசைகள் 3 × 2, 2 × 3. உள்ளே 2, 2 ஒத்துப்போகிறது. பெருக்கலாம், விடை 3 × 3 வரும். ஆனால் முதல் நிரை, இரண்டாம் நிரலில் என்ன நடக்கிறது? 3×4 + 4×3 = 24. அங்கே சீனியின் விலையைத் தேயிலைப் பொட்டலத்தின் எண்ணிக்கையால் பெருக்கியிருக்கிறோம். அந்த 24 எதன் செலவும் இல்லை. ஒரு பக்கம் 2 என்பது கடை, மறு பக்கம் 2 என்பது பந்தல்; எண் ஒத்துப்போனது, பொருள் ஒத்துப்போகவில்லை.

ஆகவே வரிசைச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெருக்கல் நடக்குமா என்பதை அது உறுதியாகச் சொல்லும். பெருக்கியதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. வாக்கியக் கணக்கு வந்தால் அணியின் ஓரத்தில் நிரைக்கும் நிரலுக்கும் பெயர் எழுதி வையுங்கள். உள் எண் மட்டுமல்லாமல் உள் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சித்தாளின் மிச்சம்

BA: வரிசைகள் 3 × 2, 2 × 3. உள்ளே 2, 2. வெளியே 3, 3. AB-க்கு நான்கு இடம் இருந்தது. BA-க்கு ஒன்பது இடம் உள்ள சட்டம் வரைய வேண்டும். இந்த ஒன்றைப் பார்த்தாலே AB-யும் BA-யும் ஒன்றல்ல என்பது தெரிந்துவிடும். நிரையில் இரண்டு எண்தான் என்பதால் ஒவ்வோர் இடமும் சின்னக் கணக்கு. முதல் இடம் 1×2 + 5×3 = 17. இப்படியே நிரப்பினால்:

```
BA = [ 17   5   19 ]
     [ -4   0    2 ]
     [ 12   2    5 ]
```

AC: 2 × 3, 2 × 2. உள்ளே 3, 2. ஒத்துப்போகவில்லை, பெருக்க இயலாது. CA: 2 × 2, 2 × 3. உள்ளே 2, 2. பெருக்கலாம், விடை 2 × 3. அதே இரண்டு அணிகள்தான், எது முன்னால் நிற்கிறது என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது. அதனால்தான் வரிசைகளைக் கேள்வியில் உள்ள ஒழுங்கிலேயே எழுதச் சொன்னேன். ஒழுங்கை மாற்றி எழுதிவிட்டு "பெருக்கலாமே" என்று தொடங்கினால் கேட்காத கேள்விக்கு விடை எழுதுவதாகிவிடும்.

```
CA = [ 8-3   0-1   -4-4  ]  =  [  5  -1  -8 ]
     [ 4+9   0+3   -2+12 ]     [ 13   3  10 ]
```

AD: 2 × 3, 2 × 3. உள்ளே 3, 2. பெருக்க இயலாது. இதைக் கவனியுங்கள்: A-யையும் D-யையும் கூட்ட முடிந்தது, பெருக்க முடியவில்லை. A-யையும் B-யையும் பெருக்க முடிந்தது, கூட்ட முடியவில்லை. கூட்டல் நிபந்தனையும் பெருக்கல் நிபந்தனையும் தனித்தனி. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. இரண்டும் எப்போதும் சேர்ந்து நடப்பது ஒரே அளவுள்ள சதுர அணிகளில் மட்டும்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சதுர அணியில் வரிசை உங்களைக் காப்பாற்றாது

இரண்டு அணிகளும் 2 × 2 என்றால் எதை முன்னால் வைத்தாலும் பெருக்கல் நடக்கும், இரண்டின் விடையும் 2 × 2. தவறான ஒழுங்கில் பெருக்கினாலும் எந்த எச்சரிக்கையும் வராது. நம் C-யோடு E என்று ஓர் அணியைச் சேர்த்துப் பார்ப்போம்.

```
E  = [ 1  2 ]     CE = [ 4  7 ]     EC = [ 8  5 ]
     [ 0  1 ]          [ 2  7 ]          [ 2  3 ]
```

இரண்டு விடைகளும் வேறு. கணிதவியலாளர் ஆர்தர் கேலி 1858-இல் அணிகளைப் பற்றி எழுதியபோதே இந்த ஒழுங்கு மாற்றத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். பொதுவாக அணிப் பெருக்கலில் இடத்தை மாற்றினால் விடை மாறும். எஸ்பிஎம் தாளில் 2 × 2 அணிகள் அதிகம் வருவதால், வரிசைச் சோதனை முடிந்த பிறகும் "முதலில் நிற்பது யார்? நிரை எடுப்பது அவரிடமிருந்து" என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறும் சதுர அணியில்தான் அதிகம்: கூட்டலைப் போலவே ஒரே இடத்து எண்களைப் பெருக்கிவிடுவது. CE-யை அப்படிச் செய்தால் முதல் நிரை 4, -2 என்று வரும். பார்க்க அணி மாதிரியே இருக்கும், ஆனால் அது CE இல்லை. முதல் நிரை, இரண்டாம் நிரல் என்பது 4×2 + (-1)×1 = 7. ஓர் இடத்தை நிரப்பக் கூட்டல் குறி ஒன்றுகூட வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். 2 × 2 பெருக்கலில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல் இருந்தாக வேண்டும்.

ஒற்றை நிரை, ஒற்றை நிரல் அணிகளிலும் கை நிற்கும் இடம் உண்டு. 1 × 2 அணியை 2 × 1 அணியால் பெருக்கினால் விடை 1 × 1, அதாவது அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் எண். அதையே திருப்பி, 2 × 1 அணியை 1 × 2 அணியால் பெருக்கினால் உள் எண்கள் 1, 1. விடை 2 × 2.

```
[ 3  5 ] [ 2 ] = [ 26 ]          [ 2 ] [ 3  5 ] = [  6  10 ]
         [ 4 ]                   [ 4 ]            [ 12  20 ]
```

இரண்டாவது கணக்கில்தான் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். கூட்ட எதுவும் இல்லையே என்று தோன்றும். உள் எண் 1 என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு பெருக்கல்தான், அது சரியே. சட்டத்தை முன்னமே வரைந்திருந்தால் நான்கு இடம் காத்திருப்பது தெரியும், திகைப்பு வராது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி

வரிசை சரியாக இருந்தும் உள்ளே ஓர் எண் பிழைத்திருக்கலாம். அதைப் பிடிக்க அரை நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை உண்டு. AB-யையே எடுத்துக்கொள்வோம். B-யின் ஒவ்வொரு நிரையையும் கூட்டுங்கள்: 1+5 = 6, -2+0 = -2, 3+2 = 5. இந்த 6, -2, 5 என்பதை ஒரு நிரலாக வைத்து A-யின் ஒவ்வொரு நிரையோடும் பெருக்கிக் கூட்டுங்கள்.

முதல் நிரை: 2×6 + 0×(-2) + (-1)×5 = 7. AB-யின் முதல் நிரையைக் கூட்டினால் -1 + 8 = 7. சரி.
இரண்டாம் நிரை: 3×6 + 1×(-2) + 4×5 = 36. AB-யின் இரண்டாம் நிரை 13 + 23 = 36. சரி.

பந்தல் கணக்கில் இதன் காரணம் தெளிவாகத் தெரியும். இரண்டு கடையின் விலையையும் முதலிலேயே கூட்டிவிட்டுச் செலவு கண்டாலும், தனித்தனியே செலவு கண்டுவிட்டுப் பின்னால் கூட்டினாலும் தொகை ஒன்றுதான். கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை என்றால் எந்த நிரையில் ஒத்துப்போகவில்லையோ அந்த நிரையை மட்டும் மறுபடி போட்டால் போதும், முழுக் கணக்கையும் அழிக்க வேண்டாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே நிரையில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. ஆகவே சட்டத்தில் எந்த இடத்துக்கு எந்த நிரல் என்பதைத் தனியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

AB, BA இரண்டையும் போட்டிருந்தால் இன்னொரு சின்னச் சோதனையும் செய்யலாம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்வாக இறங்கும் எண்களைக் கூட்டுங்கள். AB-யில் -1 + 23 = 22. BA-யில் 17 + 0 + 5 = 22. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே வரும்.

கலந்து வரும் கேள்விகள்

தாளின் கடைசிப் பகுதியில் AB + C, (A + D)B, A + BC போன்றவை இருக்கும். இவற்றில் எண்களைத் தொடாமலே முழுக் கேள்வியையும் செய்ய முடியுமா என்று சொல்லிவிடலாம். எழுத்துகளின் இடத்தில் வரிசைகளை வைத்து நடத்திப் பாருங்கள்.

AB + C: AB-யின் வரிசை 2 × 2, C-யும் 2 × 2. கூட்டலாம்.

(A + D)B: அடைப்புக்குள் இருப்பது 2 × 3. அதைப் பின்னால் உள்ள 3 × 2 அணியால் பெருக்கினால் உள் எண்கள் 3, 3. விடை 2 × 2. செய்யலாம்.

A + BC: BC என்பது 3 × 2, 2 × 2, பெருக்கலாம், விடை 3 × 2. ஆனால் A என்பது 2 × 3. இங்கே நின்றுவிட வேண்டியதுதான். BC-யைப் பாடுபட்டுப் பெருக்கி முடித்துவிட்டுக் கடைசியில் A-யைக் கூட்ட முடியாமல் விழிப்பவர்கள் உண்டு. வரிசையை முதலில் நடத்திப் பார்த்தால் ஆறு இடத்துக் கணக்கு மிச்சம்.

சில தாள்களில் வரிசையே கேள்வியாக வரும். "G என்பது 2 × k அணி, H என்பது 3 × m அணி, GH-இன் வரிசை 2 × 1, k, m என்ன?" என்பது போல. உள் எண்கள் ஒத்துப்போக வேண்டும், ஆகவே k = 3. வெளி எண்கள் 2, m. விடை 2 × 1 என்பதால் m = 1. அவ்வளவே.

மேலே உள்ள இரண்டு கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள். விடைகள்:

```
AB + C = [  3   7 ]        (A + D)B = [ 26  45 ]
         [ 15  26 ]                   [  2  17 ]
```

(A + D)B-க்கு நிரைக் கூட்டல் சோதனையையும் செய்யுங்கள்: B-யின் 6, -2, 5 ஏற்கெனவே கையில் இருக்கிறது. முதல் நிரைக்கு 71, இரண்டாம் நிரைக்கு 19 வர வேண்டும். இரண்டாம் நிரையில் 27 வந்தால் 2×(-2)-இல் கழித்தல் குறியை விட்டுவிட்டீர்களா என்று அந்த வரியை மட்டும் பாருங்கள்.